பெரிய ஆர்டர் வந்திருக்கா? கூரியர் பணம் யார் கணக்குக்குப் போகுதுன்னு முதல்ல பாரு

தங்கச்சி, தம்பி, யாரா இருந்தாலும் சரி, இதைப் படித்து முடிக்கும்வரை அந்த கூகுள் பேவை மூடி வை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் உன் சரக்கை லட்சக்கணக்கில் கேட்கிறார். விலையும் ஒத்துக்கொண்டுவிட்டார். இப்போது சாம்பிள் அனுப்பச் சொல்கிறார், அதற்கான கூரியர் பணத்தை மட்டும் முதலில் கட்டச் சொல்கிறார். இத்தனை பெரிய ஆர்டருக்கு முன்னால் அது சின்னப் பணமாகத்தான் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அந்த ஆர்டரைப் பெரிதாக எழுதியிருக்கிறான்.

கரூரில் கிச்சன் டவல் செய்கிற ஒரு தங்கச்சிக்கு வந்த மெயிலை வைத்தே சொல்கிறேன். நீ முருங்கைப் பொடி அனுப்பினாலும், தென்னை நார் அனுப்பினாலும், பித்தளை விளக்கு அனுப்பினாலும் கதை இதேதான், சரக்கு மட்டும்தான் வேறு.

1. ஒரே ஒரு விதி. மீதி எல்லாம் அதற்கப்புறம்.

சாம்பிளுக்கான கூரியர் செலவை நீ ஏற்றுக்கொள்வது தப்பில்லை. ஏற்றுமதியில் பல பேர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் நீ தேர்ந்தெடுத்த கூரியர் கம்பெனிக்கு, உன் கம்பெனி பெயரில் பில் போட்டு, நேராகப் போக வேண்டும். பையர் காட்டிய ஆளுக்கோ, பையர் அனுப்பிய லிங்க்குக்கோ, பையரின் 'ஏஜென்ட்'டுக்கோ போகக் கூடாது.

ஒழுங்கான பையர் மூன்று வழியில் ஒன்றைச் சொல்வார். ஒன்று, "எங்கள் கூரியர் அக்கவுன்ட் நம்பர் இது, இதில் போடு" என்பார். இரண்டு, "நீயே அனுப்பு, செலவை பில்லில் சேர்த்துக்கொள்" என்பார். மூன்று, சாம்பிள் விலையும் கூரியர் செலவும் சேர்த்து முதலிலேயே உனக்கு அனுப்பிவிட்டு, ஆர்டர் உறுதியானதும் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்வார். இந்த மூன்றிலும் பையர் சொன்ன ஒருவர் கணக்குக்கு உன் பணம் போகவே இல்லை, கவனித்தாயா?

முதல் வழியில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. அக்கவுன்ட் நம்பர் கொடுத்துவிட்டாரே என்று நிம்மதியாக இருந்துவிடாதே. திருட்டு நம்பராக இருக்கலாம், மூடிப்போன கணக்காகவும் இருக்கலாம். அந்த அக்கவுன்ட் பணம் கொடுக்க மறுத்தால் கூரியர் கம்பெனி அனுப்பியவரிடம்தான், அதாவது உன்னிடம்தான், வசூலிக்க வரும். பார்சலைக் கொடுக்கும் முன் உன் ஊர் கூரியர் ஆபீஸில் அந்த நம்பரைச் சொல்லி, அது செல்லுமா என்று கேட்டு வாங்கிக்கொள். ஐந்து நிமிஷ வேலை.

2. ஆர்டரை ஒரு தடவை பெருக்கிப் பார்.

அந்தத் தங்கச்சிக்கு வந்த மெயில் இப்படி: பிரிட்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட். 5 லட்சம் கிச்சன் டவல், 50-க்கு 70 சென்டிமீட்டர், 200 ஜி.எஸ்.எம். அவள் சொன்ன விலை டவல் ஒன்றுக்கு 85 சென்ட், பேரமே இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் 45 நாளில் ஒரே 20 அடி கன்டெய்னரில் அனுப்பச் சொன்னார்கள். பணம் எல்.சி.யில். சாம்பிள் ஆறு டவல்.

4,25,000 டாலர் என்று கூட்டி வைத்துவிட்டு அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. எடையைக் கூட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். சேர்ந்து போட்டுப் பார்ப்போம், வா. டவலின் பரப்பு 0.35 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம். ஆக ஒரு டவல் 70 கிராம். 5 லட்சம் டவல் என்றால் 35 டன். 20 அடி கன்டெய்னர் தாங்கும் அதிகபட்ச எடையே சுமார் 28 டன்தான். அதுவும் இரும்பு, கிரானைட் மாதிரிச் சரக்குக்கு. டவல் மாதிரிப் பருத்திச் சரக்கில் எடை ஏறும் முன்பே இடம் நிரம்பிவிடும். 28 டன்னுக்குப் பக்கத்தில்கூடப் போகாது.

சூப்பர் மார்க்கெட்டுக்கு டவல் வாங்கிப் பழகிய ஒருவர் இந்தக் கணக்கில் தவற மாட்டார். ஒரு கன்டெய்னரில் எத்தனை அட்டைப்பெட்டி, ஒரு பெட்டியில் எத்தனை பீஸ் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார். ஓரம் எப்படித் தைத்திருக்கிறது, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா, லேபிளில் என்ன வரவேண்டும் என்று உன் உயிரை எடுப்பார். விலையில் ஒரு சென்ட்டுக்கு ஒரு வாரம் இழுப்பார். அப்படி இழுக்கிற பையரைப் பார்த்து எரிச்சல் படாதே, அவர்தான் வாங்கப் போகிறவர். சரக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், சாம்பிள் என்றைக்குக் கிளம்பும் என்று மட்டும் தினமும் கேட்கிறவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒவ்வொரு பெரிய ஆர்டருக்கும் இந்தப் பெருக்கலைப் போடு. எடை, கன்டெய்னர், நாள் இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார். போகவில்லை என்றால், "ஒருவேளை தெரியாமல் எழுதிவிட்டாரோ" என்று நீயே அவருக்கு வக்காலத்து வாங்காதே. கேட்டு எழுது. நிஜமானவர் திருத்துவார். போலி, "அதெல்லாம் அப்புறம், முதலில் சாம்பிள்" என்பான்.

3. கூரியர் ரேட்டை நீயே விசாரி.

அவளிடம் கேட்டது 18,500 ரூபாய். "எங்கள் கம்பெனி அங்கீகரித்த கூரியர் வழியாகத்தான் வரவேண்டும், முதல் பில்லில் கழித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வெப்சைட் லிங்க்கும் வந்தது. வெப்சைட்டில் விமானப் படம், டிராக்கிங் பெட்டி எல்லாம் பளபளவென்று இருந்தன. பணம் கட்ட வேண்டியதோ இந்தியாவிலேயே ஒரு தனிநபரின் சேவிங்ஸ் கணக்கு.

இங்கே நின்று யோசி. பிரிட்டன் கம்பெனியின் கூரியர் கட்டணம் யாரோ ஒருவரின் சொந்த சேவிங்ஸ் கணக்குக்கு எதற்குப் போக வேண்டும்? கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விடும் ஆட்கள் இருக்கிறார்கள். பணம் விழுந்த சில நிமிஷத்தில் அதை நாலைந்து கணக்குக்குப் பிரித்து இழுத்துவிடுவார்கள். கூரியர் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. நம்பரோடு பில் கிடையாது, தனிநபர் கணக்கு, யு.பி.ஐ., அல்லது வெஸ்டர்ன் யூனியன் என்று கேட்டால் அதற்கு மேல் ஆராய்ச்சியே தேவையில்லை.

ஆறு டவல் 420 கிராம். கவரோடு அரைக் கிலோவைச் சுற்றி வரும். அதைப் பெட்டியில் போடாதே, கூரியர்காரர் தரும் தட்டைக் கவரில் மடித்து வை. 35-க்கு 25-க்கு 8 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டால் மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள், 1.4 கிலோ வரும். எடை அரைக் கிலோ, பில் மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு! இந்த விவரத்தோடு இரண்டு கூரியர் ஆபீஸுக்கும், தபால் நிலையத்துக்கும் போன் போடு. தபால் நிலையத்தின் இன்டர்நேஷனல் ஸ்பீடு போஸ்ட்டை ஏன் மறந்துவிடுகிறீர்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. நாலு நாள் கூடுதலாக ஆகட்டுமே, சாம்பிளுக்கு அது போதும். இந்த ரேட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கேட்ட தொகையைப் பார், வித்தியாசம் உனக்கே தெரியும்.

டிராக்கிங் பார்க்கும்போதும் அவன் அனுப்பிய லிங்க்கைத் தட்டாதே. கூரியர் கம்பெனியின் பெயரை நீயே டைப் செய்து உள்ளே போய் நம்பரைப் போடு.

4. பையர் யார் என்று அரைமணி நேரம் பார்.

நிஜமாகவே இருக்கும் பெரிய கம்பெனியின் பெயரைத்தான் இவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் கூகுளில் கம்பெனி பெயர் வந்துவிட்டது, உண்மைதான் என்று குதிக்காதே. நீ பார்க்க வேண்டியது, மெயில் அனுப்பியவர் அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவரா என்பதை.

முதலில் மெயில் முகவரியில் @ குறிக்கு அப்புறம் வருவதை எழுத்து எழுத்தாகப் படி. போலி என்றால் கம்பெனியின் வெப்சைட் பெயரோடு நடுவில் ஒரு கோடும், `procurement`, `uk`, `group` என்று ஏதாவது ஒரு வாலும் ஒட்டியிருக்கும். பிறகு அந்தப் பெயரை `lookup.icann.org` தளத்தில் போட்டுப் பார். எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள் என்று அங்கே இருக்கும். முப்பது வருஷக் கம்பெனி, மெயில் முகவரி மட்டும் போன மாதம் பிறந்தது என்றால் விஷயம் முடிந்தது.

பிரிட்டன் பையர் என்றால் அந்த நாட்டு அரசின் கம்பெனிஸ் ஹவுஸ் பதிவேட்டில் காசில்லாமல் தேடலாம். எப்போது தொடங்கினார்கள், இயக்குநர் யார், கணக்கு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று எல்லாம் இருக்கும். தொழிலே நடக்காத கம்பெனி என்று கணக்குக் காட்டிவிட்டு உன்னிடம் 5 லட்சம் டவல் கேட்டால், கேள்வி கேட்கும் உரிமை உனக்கு உண்டு.

கடைசியாக ஒரு போன். மெயிலில் இருக்கும் நம்பருக்குப் போடாதே, அதை எடுப்பவனும் அவனேதான். கம்பெனியின் உண்மையான வெப்சைட்டில் இருக்கும் நம்பருக்குப் போட்டு, "உங்கள் பர்சேஸ் துறையில் இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறாரா, இந்த மெயில் அவர் அனுப்பியதா" என்று கேள். இங்கிலீஷ் சரியாக வராதே என்று தயங்காதே, நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு படி. அந்தத் தங்கச்சிக்கு இந்த ஒரு போன்தான் விஷயத்தை முடித்துக்கொடுத்தது. அந்தப் பெயரில் அங்கே ஆளே இல்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து அரசு டெண்டர் என்று வந்தால், அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தின் வர்த்தகப் பிரிவுக்கு ஒரு மெயில் போடு. டோகோ, பெனின் மாதிரி மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பெயரில் வரும் போலி டெண்டர்களைப் பற்றி நம் தூதரகங்கள் எச்சரித்திருக்கின்றன. அந்தப் பக்கத்து மோசடியில் கூரியர் பணத்துக்குப் பதில் 'டெண்டர் பதிவுக் கட்டணம்' கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

5. சண்டை போடாதே, இந்தப் பதிலை அனுப்பு.

சந்தேகம் வந்ததும் திட்டி எழுதாதே. ஒருவேளை நல்லவராக இருந்தால் வியாபாரம் போய்விடும். இந்த நாலு விஷயத்தை மரியாதையாக எழுதினால் போதும்:

- சாம்பிள் தயார், எங்கள் கூரியரில் இன்றே அனுப்புகிறோம். அல்லது உங்கள் கூரியர் அக்கவுன்ட் நம்பர் கொடுங்கள்.
- மூன்றாம் நபர் கணக்குக்குப் பணம் கட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை.
- உங்கள் கம்பெனி மெயில் முகவரியிலிருந்து, கம்பெனி லெட்டர்பேடில் பர்சேஸ் ஆர்டர் அனுப்புங்கள்.
- நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் வீடியோ காலில் பேசலாமா?

இதற்கு வரும் பதிலைப் படித்தாலே ஆள் யார் என்று தெரியும். நல்லவர் ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பார். மற்றவன் கோபப்படுவான், "சீனாக்காரன் தயாராக இருக்கிறான்" என்பான், இன்று சாயங்காலம்தான் கடைசி என்பான். "பாதியாவது கட்டு" என்று இறங்கி வருகிறவனும் உண்டு. கூரியர் கட்டணத்தில் பேரம் பேசுகிற சூப்பர் மார்க்கெட்டை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?

6. 'பணம் அனுப்பிவிட்டோம்' என்ற காகிதத்தை நம்பாதே.

நீ தயங்கினால் அடுத்த அம்பு இது. அட்வான்ஸ் அனுப்பிவிட்டதாக ஒரு ஸ்விஃப்ட் காப்பி வரும், அல்லது எல்.சி. திறந்தாகிவிட்டது என்று ஒரு பி.டி.எஃப். வரும். ஆள் நல்லவர்தான் போல என்று மனசு இளகும், அந்த நேரத்தில் கூரியர் பணத்தைக் கட்டிவிடுவாய். காகிதம் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கண்ணு. எல்.சி. என்பது பையரின் பேங்கிலிருந்து உன் பேங்குக்கு ஸ்விஃப்ட் வழியாக வந்து, உன் பேங்க் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது. பையர் மெயிலில் இணைத்து அனுப்பும் எதுவும் எல்.சி. ஆகாது. அட்வான்ஸும் அப்படித்தான். உன் பேங்க் ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் அந்தக் காப்பியைக் காட்டி, அதில் உள்ள நம்பரை வைத்துத் தேடச் சொல்.

"உங்கள் பணம் ரிசர்வ் பேங்கில் நிற்கிறது, விடுவிக்க இவ்வளவு கட்டு" என்று வந்தால் அது முழுப் பொய். ரிசர்வ் பேங்க் யாரிடமும் அப்படிப் பணம் கேட்பதில்லை.

7. முதல் கட்டணம் கட்டினால் இரண்டாவது வரும்.

18,500 கட்டியவருக்கு அடுத்த வாரம் சாம்பிள் 'கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளும்'. அப்புறம் திருப்பித் தரும் இன்சூரன்ஸ் டெபாசிட், அப்புறம் வெண்டர் பதிவு, அப்புறம் லேப் டெஸ்ட். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்கும். கட்டிய பணத்தை விட மனசு வராமல்தான் மேலும் மேலும் கட்டுகிறோம்.

லேப் டெஸ்ட்டில் மட்டும் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், குழம்பிவிடாதே. நிஜமான பெரிய பையர்களும் டெஸ்ட் கேட்பார்கள், ஃபேக்டரி ஆடிட் கேட்பார்கள், செலவும் பல நேரம் நம்முடையதுதான். ஆனால் எஸ்.ஜி.எஸ்., இன்டர்டெக் மாதிரி லேப்பின் நம்மூர் ஆபீஸில் நீயே போய் சாம்பிள் கொடுப்பாய், ஜி.எஸ்.டி. பில் வாங்குவாய், லேப்பின் கம்பெனிக் கணக்குக்குப் பணம் கட்டுவாய். இங்கேயும் முதல் விதிதான்.

8. வெற்று லெட்டர்பேடும் சீலும் அனுப்பாதே.

பணம் கிடைக்காவிட்டால் காகிதமாவது கிடைக்கட்டும் என்று கேட்பார்கள்: கேன்சல் செய்த செக், பாஸ்போர்ட் காப்பி, கையெழுத்தும் சீலும் போட்ட வெற்று லெட்டர்பேடு. உன் பெயரில் இன்னொருவரை ஏமாற்ற இது போதும். ஐ.இ.சி. காப்பியைக்கூட யோசித்துக் கொடு. புதிய ஐ.இ.சி. நம்பர் என்பது உன் பான் நம்பரேதான். முதல் கட்டத்தில் கம்பெனி பெயர், முகவரி, வெப்சைட், விலைப்பட்டியல் இவ்வளவு போதும்.

9. ஆர்டர் காகிதத்தை நம்பி நூல் புக் பண்ணாதே.

18,500 போனால் வயிறு எரியும், ஆனால் எழுந்துவிடலாம். இந்த மெயிலைக் காட்டி நகையை அடகு வைத்து, நூலுக்கு அட்வான்ஸ் கொடுத்து, தறிக்காரர்களிடம் ஜாப் ஒர்க் பேசி வைத்தவர்கள்தான் எழுந்திருக்கத் தடுமாறுகிறார்கள். அட்வான்ஸ் உன் கணக்கில் விழுந்ததாகவோ, எல்.சி. வந்ததாகவோ உன் பேங்க் சொல்லும் வரை ஒரு கோன் நூல்கூட வாங்காதே. புது பையரிடம் முதல் ஆர்டரைச் சின்னதாகப் போடச் சொல். ஓரளவு வியாபாரம் ஓடத் தொடங்கியதும் இ.சி.ஜி.சி. பாலிசியைப் பற்றி விசாரி. பையரின் நிலவரத்தைப் பார்த்து, அவருக்கு எவ்வளவு வரை கடனில் சரக்கு அனுப்பலாம் என்று அவர்கள் ஒரு வரம்பு சொல்வார்கள்.

10. கட்டிவிட்டாயா? அழுதுகொண்டு உட்காராதே.

வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார், அக்கம்பக்கம் சிரிக்குமே என்று இரண்டு நாள் மறைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அந்த இரண்டு நாளில் பணம் கை மாறிப் போய்விடும். பணம் இன்னும் ஏதோ ஒரு கணக்கில் நிற்கும்போது சொன்னால் முடக்கி வைக்க வழி உண்டு. உடனே 1930-க்குப் போன் போடு, `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதிவு செய், உன் பேங்கில் அந்தப் பரிவர்த்தனை நம்பரோடு எழுதிக் கொடு. வாட்ஸ்அப் சாட், மெயில், பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதே. அவனை பிளாக் பண்ணும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. கொஞ்ச நாளில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று இன்னொருவன் வருவான். அவனும் முதலில் ஒரு கட்டணம்தான் கேட்பான். வேண்டாம்.

அந்தத் தங்கச்சி பணம் கட்டவில்லை. மேலே சொன்ன பதிலை அனுப்பினாள், இரண்டு நாள் திட்டி மெயில் வந்தது, பிறகு நின்றுவிட்டது. நீ இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: உனக்கு வந்திருக்கும் மெயிலைத் திற, @ குறிக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று படி, பணம் கேட்கும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார். பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.